எக்ஸ்க்ளூசிவ்னா "பிரத்தியேக"ன்னு போட்டா போதுமா? டிஸ்ட்ரிபியூட்டர் அக்ரிமென்ட் மொழிபெயர்ப்புல ஒரு சந்தேகம்

தாமிரபரணிக்காரி | ஜூன் 3, இரவு 10.40

கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி ஒண்ணு திருநெல்வேலிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் போடுறாங்க. அக்ரிமென்ட் இங்கிலீஷ்ல 14 பக்கம். கையெழுத்து போடப்போறவர் பாளையங்கோட்டையில பாத்திரக்கடை வச்சிருக்கிற அண்ணாச்சி, இங்கிலீஷ் வாசிக்க வராது, "என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல வரிக்கு வரி குடும்மா, அதப் படிச்சிட்டுத்தான் டெபாசிட் கட்டுவேன்"னு சொல்லிட்டார். ரெண்டாம் பிரிவுல கம்பெனி அவரை எக்ஸ்க்ளூசிவ் டிஸ்ட்ரிபியூட்டரா நியமிக்குதுன்னு இருக்கு. நான் "பிரத்தியேக விநியோகஸ்தர்"னு போட்டேன். படிச்சுப் பாத்துட்டு அவர் கேட்ட கேள்வி: "அப்படின்னா கம்பெனிக்காரன் நேரா இங்க வந்து விக்க மாட்டான்ல?" என்னால பதில் சொல்ல முடியல, ஏன்னா நான் போட்ட வார்த்தையில அந்தப் பதிலே இல்ல. நீங்கல்லாம் என்ன போடுறீங்க?

கோர்ட் வாசல் | ஜூன் 4, காலை 7.15

30 வருஷம் பத்திரம் எழுதின கை இது. "ஏக விநியோகஸ்தர்"னு போடுங்க, முடிஞ்சது. ஏகம்னா ஒண்ணு. இன்னொருத்தன் இருக்க முடியாது.

தாமிரபரணிக்காரி | ஜூன் 4, காலை 9.02

ஐயா சொன்னது சரியாத்தான் படுது. "ஏக"ன்னு மாத்திடறேன். நன்றி.

கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு | ஜூன் 4, பகல் 12.30

பொறுங்கோ, மாத்தாதேங்கோ. இலங்கையில "ஏக விநியோகஸ்தர்" எண்டது எல்லா விளம்பரத்திலயும் வாற சொல்தான், நாங்களும் பாவிக்கிறம். ஆனா அது சோல் எண்ட சொல்லுக்கு வந்தது. சோல் எண்டா வேற விநியோகஸ்தர் ஒருத்தரும் இல்லை, அவ்வளவுதான். கம்பெனி தானே வந்து விக்கிறதை அது தடுக்காது. எங்கட மாமா ஏக விநியோகஸ்தரா இருந்தவர், கம்பெனிக்காரர் பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் தாங்களே நேர சாமான் குடுத்தவை. மாமாவால ஒண்டும் கேக்க முடியேல்லை.

கான்ட்ராக்ட் அக்கா | ஜூன் 4, மாலை 6.50

கொழும்புக்காரர் சொல்றது சரி. நான் சென்னையில ஒரு கன்ஸ்யூமர் கம்பெனியில லீகல் பாக்கறேன், மாசத்துக்கு ரெண்டு மூணு டிஸ்ட்ரிபியூட்டர் அக்ரிமென்ட் கையில வரும். பழக்கத்துல எக்ஸ்க்ளூசிவ்னா கம்பெனியும் வெளிய, சோல்னா கம்பெனி உள்ள. ஆனா இது டிராஃப்ட் பண்றவங்க நடுவுல இருக்கற பழக்கம்தான், எல்லாருக்கும் இது தெரியும்னு நம்பக்கூடாது. நம்ம ஊர் டிராஃப்ட் பாதியில "சோல் அண்ட் எக்ஸ்க்ளூசிவ்"னு ரெண்டையும் சேர்த்தே போட்டு வச்சிருப்பாங்க, அப்ப எது ஜெயிக்கும்? அதனால வார்த்தையை விட்டுட்டு, அந்தப் பிரிவுக்குக் கீழ கம்பெனி தானா விக்கறதப் பத்தி தனியா ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இருந்தா உங்க வேலை சுலபம். இல்லன்னா அது மொழிபெயர்ப்புப் பிரச்சனை இல்ல, மூலத்துலயே ஓட்டை.

ஸ்டாக்கிஸ்ட் அண்ணாச்சி | ஜூன் 4, இரவு 9.20

எக்ஸ்க்ளூசிவ்ன்னு எங்கிட்டயும் எழுதி வாங்கினானுவ. பிஸ்கட் கம்பெனி. வேற கம்பெனி பிஸ்கட் நீ வைக்கக்கூடாதுன்னான். நானும் கைய கட்டிக்கிட்டு இருந்தேன், அவன் பக்கத்து தெருவுல இன்னொருத்தனுக்கு ஏஜென்சி குடுத்துட்டான். கேட்டா "எக்ஸ்க்ளூசிவ் உங்களுக்குத்தான், எங்களுக்கு இல்ல"ன்னு சொல்லுதான். காலாவதியான சரக்கு நாலு பெட்டி இன்னும் குடோன்ல கிடக்கு, கிளெய்ம் பணமும் வரல. அதுக்கு யார்கிட்ட போகணும்னு யாராவது சொல்லுங்க.

தாமிரபரணிக்காரி | ஜூன் 5, காலை 6.10

அண்ணாச்சி, கிளெய்ம் விஷயம் எனக்குத் தெரியாது, ஆனா நீங்க சொன்னதுல எனக்கு ஒரு பெரிய விஷயம் கிடைச்சிது, ராத்திரி தூக்கமே வரல. எக்ஸ்க்ளூசிவ்ங்கற ஒரே வார்த்தை ரெண்டு பக்கமும் வெட்டும். கம்பெனி வேற ஆளுக்குக் குடுக்கக்கூடாதுங்கறது ஒண்ணு. டிஸ்ட்ரிபியூட்டர் வேற கம்பெனி சரக்கு எடுக்கக்கூடாதுங்கறது இன்னொண்ணு. உங்க அக்ரிமென்ட்ல ரெண்டாவது மட்டும் இருந்திருக்கு, நீங்க முதலாவதும் இருக்குன்னு நினைச்சிருக்கீங்க.

இங்கிலீஷ்ல ஒரு பெயரடையைத் தூக்கி முன்னாடி வச்சிட்டு யாரு யாரைக் கட்டுப்படுத்தறாங்கன்னு சொல்லாம போயிடலாம். தமிழ்ல வினைச்சொல்லா எழுதி எழுவாயையும் போட்டுட்டா யார் செய்யக்கூடாதுங்கறது தெளிவாயிடும். அதனால "பிரத்தியேக", "ஏக" ரெண்டையும் நம்பாம, மூணு வரியா எழுதிப் பாத்தேன்:

"இந்த எல்லைக்குள் கம்பெனி வேறு எவரையும் விநியோகஸ்தராக நியமிக்கக்கூடாது."
"இந்த எல்லைக்குள் கம்பெனி தானும் நேரடியாக விற்கக்கூடாது."
"விநியோகஸ்தர் வேறு கம்பெனியின் கிரைண்டரை விற்கக்கூடாது."

எழுதி வச்சிட்டு மூலத்தோட ஒப்பிட்டா, முதல் வரிக்கு ஆதாரம் இருக்கு, மூணாவதுக்கு எட்டாம் பிரிவுல இருக்கு, நடுவுல உள்ளதுக்கு எங்கயும் இல்ல. அந்த வரியை எடுத்துட்டேன், மனசில்லாமத்தான் எடுத்தேன். மொழிபெயர்க்கறவ நான், இல்லாததை எழுத எனக்கு என்ன உரிமை? "எக்ஸ்க்ளூசிவ்"ங்கற வார்த்தையை அப்படியே தமிழ் எழுத்துல விட்டு, பக்கத்துல ஒரு குறிப்பு போட்டேன்: கம்பெனி நேரடியா விற்பது பற்றி மூலத்தில் தனி வரி இல்லை, கையெழுத்துக்கு முன்னாடி கேட்கவும்.

கான்ட்ராக்ட் அக்கா | ஜூன் 5, காலை 10.05

அதுதான் சரியான வேலை. கேக்கும்போது மிலிட்டரி கேன்டீன், அரசாங்க டெண்டர், ஆன்லைன் விற்பனை மூணையும் பேர் சொல்லிக் கேளுங்க. பெரும்பாலும் கம்பெனி இதையெல்லாம் தனக்குன்னு எடுத்து வச்சிக்கும்.

எட்டாம் பிரிவு எப்ப வரைக்கும்னு பாருங்க. ஒப்பந்தம் நடக்கற காலத்துல வேற கம்பெனி சரக்கு எடுக்கக்கூடாதுன்னா பொதுவா நிக்கும், கோகோ கோலாவுக்கும் குஜராத் பாட்டிலிங் கம்பெனிக்கும் நடந்த வழக்குல 1995-ல சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கிச்சு. ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் விக்கக்கூடாதுன்னா ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு குறுக்க வரும். அதனால "ஒப்பந்த காலத்தில்"ங்கற சொல் மூலத்துல இருந்தா தமிழ்ல தொலைச்சிடாதீங்க. மேல உங்க மூணாவது வரியில அது இல்ல.

தாமிரபரணிக்காரி | ஜூன் 5, காலை 10.40

மூலத்துல இருக்கு. நான்தான் விட்டுட்டேன். "இந்த ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள காலத்தில்"னு சேர்த்துட்டேன். கும்பிடறேன் அக்கா.

தாமிரபரணிக்காரி | ஜூன் 5, மாலை 4.30

"மட்டும்" பத்தி ஒரு குறிப்பு, மறந்துடுவேன்னு எழுதி வைக்கறேன். என் முதல் டிராஃப்ட்ல இருந்த வரி: "விநியோகஸ்தருக்கு திருநெல்வேலி மாவட்டத்தில் மட்டும் கிரைண்டர் விற்கும் உரிமை உண்டு." நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சேன். ஆனா இது அவரைக் கட்டிப்போடற வரி, மாவட்டத்தைத் தாண்டி விக்காதேன்னு சொல்லுது. மூலம் சொல்றது "திருநெல்வேலி மாவட்டத்தில் கிரைண்டர் விநியோகஸ்தர் உரிமை இவருக்கு மட்டுமே உண்டு." ஒரு "மட்டும்" நாலு சொல் தள்ளி உக்காந்ததுல, அவருக்குக் கிடைச்ச பாதுகாப்பு அவருக்குப் போட்ட வேலியா மாறிடுச்சு. "மாவட்டத்தில் கிரைண்டர் மட்டும்"னு போட்டா மிக்சி விக்கக்கூடாதுன்னு ஆகியிருக்கும். இப்ப முழு ஃபைல்லயும் "மட்டும்"னு தேடி ஒவ்வொண்ணா பாக்கறேன். 23 இடம். ரெண்டு இடத்துல தப்பா இருந்துச்சு.

கோர்ட் வாசல் | ஜூன் 5, இரவு 8.00

இவ்வளவு மெனக்கெட வேண்டாம் அம்மா. கடைசிப் பக்கத்துல "ஆங்கிலப் பிரதியே செல்லும்"னு ஒரு வரி இருக்கும் பாருங்க. அது இருந்தா தமிழ்ல எப்படி இருந்தாலும் பரவாயில்ல.

தாமிரபரணிக்காரி | ஜூன் 5, இரவு 9.15

இருக்கு ஐயா. ஆனா டெபாசிட் கட்டறவர் படிக்கறது தமிழைத்தான். அவர் குடோன் பிடிக்கறதும் ஆள் போடறதும் அதை நம்பித்தான். கோர்ட்ல ஆங்கிலம் செல்லும்ங்கறதால தமிழ் தப்பா இருக்கலாம்னு ஆகாது, தமிழ் தப்பா இருந்தா நஷ்டம் முழுக்க அவர் தலையில விழும்னுதான் ஆகும்.

தாமிரபரணிக்காரி | ஜூன் 7, இரவு 11.20

அடுத்த தலைவலி டெரிடரி. இதே கம்பெனி முன்னாடி இருந்த டிஸ்ட்ரிபியூட்டரோட 2017-ல போட்ட அக்ரிமென்ட்டை எடுத்து பேரை மட்டும் மாத்தி அனுப்பியிருக்காங்க. டெரிடரின்னு இருக்கறது "டிஸ்ட்ரிக்ட் ஆஃப் திருநெல்வேலி". 2017-ல திருநெல்வேலி மாவட்டம்னா தென்காசி, சங்கரன்கோவில், செங்கோட்டை, கடையநல்லூர் எல்லாம் உள்ள. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமாயிடுச்சு. நம்ம அண்ணாச்சி நினைச்சிட்டிருக்கறது பழைய முழு மாவட்டம், "சங்கரன்கோவில் கடைக்கெல்லாம் நான்தான்"னு ஏற்கெனவே பேசி வச்சிட்டார். அங்க இருந்து வர்ற யாவாரத்தை நம்பித்தான் டெபாசிட் தொகைக்கே ஒத்துக்கிட்டார்.

நான் "திருநெல்வேலி மாவட்டம்"னு எழுதினா வார்த்தைக்கு வார்த்தை சரி. ஆனா இன்னைக்கு கையெழுத்தாகற ஒப்பந்தத்துல அதுக்கு இன்னைக்கு உள்ள மாவட்டம்னுதான் பொருள் வரும்.

கோர்ட் வாசல் | ஜூன் 8, காலை 7.30

இது நல்ல கேள்வி. வேலூர்லயும் இதே கதைதான், 2019-ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ரெண்டும் பிரிஞ்சுது. நான் கிரயப் பத்திரத்துல எப்பவும் மாவட்டத்தோட நிறுத்த மாட்டேன், பதிவு மாவட்டம், சார்பதிவகம், வட்டம், கிராமம் வரைக்கும் போவேன். ஏஜென்சி ஒப்பந்தத்துலயும் வட்டம் பேர் எழுதினா சண்டை வராது.

கான்ட்ராக்ட் அக்கா | ஜூன் 8, காலை 9.40

வட்டம் எழுதறது நல்ல யோசனை, ஆனா வட்டமும் பிரியும். நான் எழுதறது: "கையெழுத்தான தேதியில் உள்ள எல்லைப்படி கீழ்க்கண்ட வட்டங்கள்; பின்னால் அரசு எல்லை மாற்றினாலும் இந்த ஒப்பந்தத்தின் எல்லை மாறாது." கூடவே ஒரு இணைப்புல பட்டியல் போட்டுடுவேன். புதுச்சேரிக்கும் இப்படித்தான் செய்யணும். புதுச்சேரின்னு மொட்டையா எழுதினா காரைக்காலும் உள்ள வரும், கேரளா பக்கம் இருக்கற மாஹேயும் வரும், ஆந்திரா பக்கம் இருக்கற ஏனாமும் வரும். டெம்போ வச்சிருக்கற புதுச்சேரி டிஸ்ட்ரிபியூட்டர் ஏனாமுக்கு எப்படிப் போவார்?

ஆனா இதுவும் மொழிபெயர்ப்புல நீங்க செய்யற வேலை இல்ல. குறிப்பு எழுதி அனுப்புங்க.

ஸ்டாக்கிஸ்ட் அண்ணாச்சி | ஜூன் 8, மதியம் 2.10

எல்லைன்னு எழுதுதீங்களே, எல்லைக்கு வெளிய இருந்து கடைக்காரன் தானா வந்து சரக்கு கேட்டா குடுக்கலாமா கூடாதா? தென்காசிக்காரன் வண்டியோட வந்து நிக்கான், காசு கையில வச்சிருக்கான். நான் போயி விக்கல, அவன்தான் வாரான்.

தாமிரபரணிக்காரி | ஜூன் 8, மதியம் 3.00

அண்ணாச்சி, இதான் கேக்க வேண்டிய கேள்வி. போய்ப் பாத்தேன். மூலத்துல வெளிய "சொலிசிட்" பண்ணக்கூடாதுன்னு இருக்கு. நான் "எல்லைக்கு வெளியே விற்கக்கூடாது"ன்னு போட்டு வச்சிருந்தேன், அது தப்பு. சொலிசிட்னா தேடிப்போய் ஆர்டர் பிடிக்கறது. தானா வந்தவனுக்கு விக்கறது அதுல வராது. ஐரோப்பாவுல இந்த ரெண்டையும் போட்டிச் சட்டத்துலயே பிரிச்சு வச்சிருக்காங்க, தேடிப்போய் விக்கறதைத் தடுக்கலாம், தேடி வர்றவருக்கு விக்கறதை பொதுவா தடுக்க முடியாது. இங்க அது பொருந்தாது, ஆனா வித்தியாசம் அதேதான். இப்ப மாத்தினது: "எல்லைக்கு வெளியே உள்ளவர்களிடம் தானாகச் சென்றோ ஆள் அனுப்பியோ விளம்பரம் செய்தோ ஆர்டர் கேட்கக்கூடாது." நீளம்தான், ஆனா விக்கவே கூடாதுன்னு இல்லாததைச் சொல்லல.

போன்ல வாட்ஸப் ஸ்டேட்டஸ் வச்சா விளம்பரமான்னு கேக்காதீங்க, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.

தாமிரபரணிக்காரி | ஜூன் 11, அதிகாலை 5.50

டெர்மினேஷன் பிரிவு. நாலு நாளா இதுலயே நிக்கறேன். இங்கிலீஷ் வாக்கியத்தோட அமைப்பு இப்படி இருக்கு: ஒப்பந்தம் 3 வருஷம் நடக்கும், அப்புறம் ஒவ்வொரு வருஷமா தொடரும், எந்தத் தரப்பாவது 90 நாள் முன்னறிவிப்பு குடுத்து முடிச்சாலொழிய. ஒரே வாக்கியம், நடுவுல ரெண்டு காற்புள்ளி. தமிழ்ல அந்த "முடிச்சாலொழிய"வை வினைக்கு முன்னாடி கொண்டு வரணும். எந்த வினைக்கு முன்னாடி? "தொடரும்"க்கு முன்னாடி வச்சா, முதல் 3 வருஷம் யாரும் முடிக்க முடியாது, தொடர்ற காலத்துலதான் நோட்டீஸ். வாக்கியத்தோட தலையில வச்சா முதல் மாசத்துலயே 90 நாள் நோட்டீஸ் குடுத்து அனுப்பிடலாம். இங்கிலீஷ்ல அந்தக் குழப்பம் காற்புள்ளிக்குள்ள ஒளிஞ்சிருக்கு. தமிழ்ல நான் எங்கயாவது வச்சுத்தான் ஆகணும், வச்ச உடனே ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு சொன்ன மாதிரி ஆயிடுது.

கான்ட்ராக்ட் அக்கா | ஜூன் 11, காலை 9.00

இது அப்படியே கனடாவுல நடந்தது. ரோஜர்ஸ்ங்கற கேபிள் கம்பெனி, அலையன்ட்னு ஒரு டெலிபோன் கம்பெனியோட கம்பங்கள்ல கேபிள் கட்ட ஒப்பந்தம் போட்டாங்க. 5 வருஷம், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமா, ஒரு வருஷ நோட்டீஸ் குடுத்து முடிச்சாலொழிய. உங்க வாக்கியமேதான். முதல் 5 வருஷம் முடியறதுக்குள்ள அலையன்ட் முடிக்கப் பாத்துச்சு. 2006-ல அங்க உள்ள தொலைத்தொடர்பு ஆணையம் ரெண்டாவது காற்புள்ளியைக் காட்டி, நோட்டீஸ் முதல் காலத்துக்கும் பொருந்தும்னு சொல்லிடுச்சு. ரோஜர்ஸ் விடல. அந்த ஒப்பந்த மாதிரிக்கு பிரெஞ்சுப் பிரதியும் இருந்துச்சு, அதுல அந்தக் குழப்பம் இல்ல, முதல் 5 வருஷத்துல முடிக்க முடியாதுங்கறது தெளிவா இருந்துச்சு. 2007-ல ஆணையம் பிரெஞ்சைப் பாத்து தன் முடிவையே மாத்திக்கிச்சு.

கோர்ட் வாசல் | ஜூன் 11, காலை 11.20

அப்ப தமிழ்ப் பிரதியும் கோர்ட்ல ஜெயிக்கும்னு ஆச்சே. நான் அன்னைக்கு சொன்னதை வாபஸ் வாங்கறேன்.

கான்ட்ராக்ட் அக்கா | ஜூன் 11, காலை 11.45

முழுசா வாங்காதீங்க சார். அங்க ரெண்டு மொழிப் பிரதிக்கும் சம அதிகாரம். இவங்களோடதுல ஆங்கிலமே செல்லும்னு இருக்கு, அதனால அந்த அளவுக்கு நிக்காது. ஆனா கையெழுத்துக்கு முன்னாடி கம்பெனிகிட்ட "எது உங்க எண்ணம்"னு கேட்டு எழுத்துல பதில் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

தாமிரபரணிக்காரி | ஜூன் 11, இரவு 10.15

கேட்டுட்டேன். ரெண்டு தமிழ் வாக்கியமா எழுதி, "இதுல எது"ன்னு மெயில் அனுப்பினேன். சாயங்காலம் கம்பெனி வக்கீல் போன் பண்ணார், "எப்ப வேணாலும் முடிக்கலாம்ங்கறதுதான் எங்க எண்ணம்"னார். அண்ணாச்சிகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. 3 வருஷம் உறுதின்னு நம்பி அவர் குடோனுக்கு 3 வருஷ வாடகை ஒப்பந்தம் போட இருந்தார்.

கோர்ட் வாசல் | ஜூன் 12, காலை 7.00

டெர்மினேஷனுக்கு "ரத்து"ன்னுதானே போட்டீங்க? அதுதான் வழக்கம்.

தாமிரபரணிக்காரி | ஜூன் 12, காலை 8.25

இதுல உங்ககூட சண்டை போடறேன் ஐயா, மன்னிக்கணும். முதல்ல ரத்துன்னுதான் போட்டிருந்தேன். ஆனா நீங்க எழுதற ரத்துப் பத்திரத்தையே எடுத்துக்கங்க, ரத்துன்னா முன்னாடி எழுதினது இல்லைன்னு ஆக்கறதுன்னுதான் ஜனங்க புரிஞ்சிக்கறாங்க. டெர்மினேட்னா அந்த நாளோட நிக்குது, அதுவரைக்கும் நடந்தது நடந்ததுதான், வர வேண்டிய கமிஷன் வரணும், குடுக்க வேண்டிய பாக்கி குடுக்கணும். ரத்துன்னு படிச்ச அண்ணாச்சி "அப்ப டெபாசிட், போன மாச இன்சென்டிவ் எல்லாம் போச்சா"ன்னு கேட்டார். அதனால டெர்மினேஷன் வர்ற இடமெல்லாம் "முடிவுக்குக் கொண்டுவருதல்", காலம் தானா தீர்றது "காலாவதி"ன்னு ரெண்டே சொல், 14 பக்கத்துக்கும் மாத்தாம. வாசிக்க அலுப்பாத்தான் இருக்கும்.

கோர்ட் வாசல் | ஜூன் 12, காலை 8.50

ரத்துன்னா அந்தத் தேதியிலிருந்து ரத்துன்னும் எழுதலாம். எழுதியிருக்கேன். நான் ஒத்துக்கல.

கான்ட்ராக்ட் அக்கா | ஜூன் 12, பகல் 1.30

"அந்தத் தேதியிலிருந்து"ன்னு சேர்த்தா நிக்கும்தான். நான் மொழிபெயர்ப்புக்காரி பக்கம், ஆனா ஐயா பக்கமும் நியாயம் இருக்கு.

அந்த 90-ஐ லேசா விடாதீங்க. இந்தியன் ஆயில் கம்பெனிக்கும் அமிர்தசரஸ் கேஸ் ஏஜென்சி ஒண்ணுக்கும் நடந்த வழக்கு, 1991-ல வெளியான தீர்ப்பு. ஒப்பந்தத்துல 30 நாள் நோட்டீஸ்ல முடிக்கலாம்னு ஒரு பிரிவு இருந்துச்சு. நீக்கினது தப்புன்னே வச்சிக்கிட்டாலும் ஏஜென்சியைத் திருப்பிக் குடுக்கச் சொல்ல முடியாது, 30 நாள் வருமான நஷ்டம்தான் கிடைக்கும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நோட்டீஸ் பிரிவுல இருக்கற எண்தான் கடைசியில கையில வர்ற பணத்தோட அளவா ஆகிடலாம்.

தாமிரபரணிக்காரி | ஜூன் 12, இரவு 9.40

இதைப் படிச்ச உடனே போய் என் வரியைப் பாத்தேன். "90 நாட்களுக்குள் அறிவிப்பு கொடுத்து"ன்னு இருக்கு. 90 நாளுக்குள்ளன்னா ரெண்டாம் நாளும் 90 நாளுக்குள்ளதான். மூலம் 90 நாளுக்குக் குறையாமன்னு சொல்லுது. "முடிவுக்கு வரும் தேதிக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே"ன்னு மாத்திட்டேன். எங்கேயிருந்து எண்ணறதுங்கறதும் இருக்கு, மூலத்துல கிடைச்ச நாள்னு இருக்கு, நான் அனுப்பின நாள்னு எடுத்திருந்தேன். அதுவும் மாத்தியாச்சு. பயமா இருக்கு, இதையெல்லாம் முதல் வாசிப்புல எப்படி விட்டேன்னு.

இன்னொண்ணு, எழுத்துப்பிழை திருத்தறவர் கைக்குப் போய் வந்ததுல "பிரிவு 9-க்கு உட்பட்டு" இருந்தது "பிரிவு 9 உட்பட"ன்னு ஆகி வந்திருக்கு. முன்னது ஒன்பதாம் பிரிவுக்குக் கட்டுப்பட்டது, பின்னது அதையும் சேர்த்து. வாசிக்க ரெண்டுமே இயல்பாத்தான் இருக்கு, அதனாலதான் யார் கண்லயும் படல.

கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு | ஜூன் 14, காலை 10.10

தங்கச்சி, எக்ஸ்க்ளூசிவ் எண்டதை தமிழ் எழுத்தில அப்பிடியே விட்டது எனக்கு இன்னும் மனசுக்கு ஒத்துவரேல்லை. வாசிக்கிறவருக்கு விளங்காத சொல்லை விட்டுட்டு குறிப்பு போடுறதெண்டா அது மொழிபெயர்ப்போ?

தாமிரபரணிக்காரி | ஜூன் 14, பகல் 12.05

எனக்கும் ஒத்துவரல அண்ணா. ஆனா மூலமே முடிவு பண்ணாத இடத்துல நான் ஒரு நல்ல தமிழ்ச் சொல் போட்டா, முடிவாயிடுச்சுன்னு அவர் நினைச்சிடுவார்.

தாமிரபரணிக்காரி | ஜூன் 19, இரவு 8.30

கம்பெனிகிட்டேருந்து திருத்தின இங்கிலீஷ் டிராஃப்ட் வந்தாச்சு. டெரிடரிக்கு வட்டங்கள் பட்டியல் இணைச்சிருக்காங்க, சங்கரன்கோவிலும் தென்காசியும் உள்ள வந்திருக்கு, சிவகிரி இல்ல. கம்பெனி தானா விக்கக்கூடாதுன்னு ஒரு வரி சேர்ந்திருக்கு, ஆன்லைனும் மிலிட்டரி கேன்டீனும் விலக்கு. முதல் 18 மாசம் எந்தத் தரப்பும் காரணம் சொல்லாம முடிக்க முடியாதுன்னு தனி வாக்கியமா எழுதியிருக்காங்க. அண்ணாச்சி குடோன் வாடகையையும் 18 மாசத்துக்கே பேசப் போறார்.

இப்ப "எக்ஸ்க்ளூசிவ்" கீழ இருந்த குறிப்பை எடுத்துட்டேன். ஆன்லைன் விலக்குல ஒரு இடம் இடிக்குது. பாளையங்கோட்டையில இருக்கறவர் கம்பெனி சைட்ல ஆர்டர் போட்டா, சர்வீஸ் யார் பண்ணணும்னு எங்கயும் இல்ல. நாளைக்கு போன் பண்ணிக் கேக்கணும்.

ஸ்டாக்கிஸ்ட் அண்ணாச்சி | ஜூன் 19, இரவு 9.05

சிவகிரி ஏன் இல்லன்னு மொதல்ல கேளுங்க. அங்க யாருக்கோ குடுத்து வச்சிருப்பான்.